ஐந்தாம் மாதத்தில் நடக்க ஆரம்பித்தேன், மூச்சு வாங்குகிறது: மலையாலா, வேறு காரணமா?

கொலுசுப்பட்டறை
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம், இப்போது 21 வாரம். செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் மதியம்தான் எழுவேன், கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான். உடற்பயிற்சி என்று எதுவும் செய்தது கிடையாது. போன மாதம் டாக்டரம்மா, "நல்லா நட" என்றார். எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சேலத்தில் வெயில் தாங்கவில்லை என்று ஏற்காட்டுக்கு, நாகலூர் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே மேடு, இல்லாவிட்டால் பள்ளம். மூன்று நாளாக நடக்கிறேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கல் மாதிரி இறுகி அப்புறம் தளர்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சேலத்தில் இருந்தபோது யோகா வகுப்புக்கு இரண்டு நாள் போனேன். கடைசியில் மல்லாந்து சவாசனம். கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, குமட்டியது. பக்கத்தில் இருந்த அக்கா என்னைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தவுடன் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் போகவில்லை.

நடக்கலாமா, நிறுத்திவிடட்டுமா? பயமாக இருக்கிறது.

யோகா சாந்தி
தங்கச்சி, மலையில் பிராணவாயு குறைவு. அதுதான் மூச்சு வாங்குகிறது. கீழே இறங்கி வந்துவிடுங்கள், சரியாகிவிடும். யோகாவை விட வேண்டாம். குப்புறப் படுத்துச் செய்வதை மட்டும் தவிர்த்தால் போதும்: புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம். கபாலபாதியை மெதுவாகச் செய்யலாம், ரத்தத்துக்கு நல்லது. நான் பதினோரு வருடமாகச் சொல்லித் தருகிறேன்.

ரெண்டாவது முறை அப்பா
என் மனைவிக்கும் இதே பிரச்சினைதான். குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது, தொப்பை குறையவே இல்லை. எத்தனை கிலோமீட்டர் நடந்தால் எடை இறங்கும்?

ஓய்வுபெற்ற நர்சம்மா
கொலுசுப்பட்டறை, கண்ணு, முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். முப்பத்தோரு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் கேட்பது இந்த மூன்றுதான்.

ஒன்று, சமதரையில் நடந்தாலும் மூச்சு வாங்குகிறதா, மேட்டில் மட்டுமா? இரண்டு, உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வாங்குகிறதா? மூன்று, அட்டையில் எச்.பி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு, எந்த வாரத்தில் எடுத்தது?

மலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். பழக்கம் இல்லாத கர்ப்பிணிகள் 2,500 மீட்டருக்கு மேலே போய் உடற்பயிற்சி செய்ய வேண்டாம் என்றுதான் எச்சரிப்பார்கள். ஊட்டியே அதற்குக் கீழேதான். ஆக, இவளுக்கு மூச்சு வாங்குவதற்கு உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது. சரிவு ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில்.

ரெண்டாவது முறை அப்பா, தம்பி, இங்கே பேச்சு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நடப்பதைப் பற்றி. உங்கள் மனைவிக்குத் தனி இழை போடுங்கள், வந்து சொல்கிறேன். சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பதையும் அதில் எழுதுங்கள்.

கொலுசுப்பட்டறை
அக்கா, மேட்டில்தான் அதிகம். ஆனால் யோசித்துப் பார்த்தால், சேலத்தில் மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகும்போதும் இப்படித்தான் இருந்தது. சமதரையில் வேகமாக நடந்தாலும் வாங்குகிறது. உட்கார்ந்திருந்தால் இல்லை.

அட்டையைத் தேடி எடுத்தேன். 14 வாரத்தில் எடுத்தது, எச்.பி. 8.6 என்று இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் போட்டேன். மலச்சிக்கல், வயிற்றைப் பிரட்டல். விட்டுவிட்டேன். போட்ட நாளிலும் காலையில் காபியோடு போட்டுக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா
நினைத்தேன். கர்ப்பிணிக்கு அந்த எண் 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. உனக்கு 8.6, அதுவும் ஏழு வாரம் முன்னால். நடுவில் மாத்திரையும் இல்லை என்றால் இன்னும் இறங்கித்தான் இருக்கும். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற சரக்கு குறைவாக இருக்கும்போது, கால் கேட்கிறதைக் கொடுக்க நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது.

நாளைக்கே ரத்தம் பார். ஏற்காட்டு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்ப்பார்கள். மேட்டுப்பாதையில் நடப்பதை அதுவரை நிறுத்து. 7க்குக் கீழே வந்தால் நடைப்பயிற்சி என்ற பேச்சே வேண்டாம், முதலில் ரத்தத்தைச் சரி செய்வார்கள். அதற்கு மேலே இருந்தால் எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்.

மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதே. ஒன்று காலை, ஒன்று ராத்திரி என்று பிரித்துக்கொள். எலுமிச்சைச் சாற்றோடோ, உங்கள் ஊர் ஆரஞ்சு கிடைத்தால் அதோடோ போட்டால் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் பிரட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடு. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படாதே.

சவாசனத்துக்கு வருகிறேன். அங்கே உனக்கு நடந்தது இதுதான். கால் பக்கத்திலிருந்து ரத்தத்தை நெஞ்சுக்குக் கொண்டுபோகிற பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி, கொஞ்சம் வலது பக்கமாக ஓடுகிறது. ஐந்து மாதத்துக்கு மேலே மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. நெஞ்சுக்குத் திரும்புகிற ரத்தம் குறைகிறது. காதடைப்பு, வியர்வை, குமட்டல் எல்லாம் அதிலிருந்துதான். ஒருக்களித்தவுடன் பாரம் விலகிவிடுகிறது. அந்த அக்கா செய்தது முழுக்கச் சரி. இனிமேல் சவாசனம் என்றால் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

யோகா சாந்தி
நர்சம்மா, மல்லாந்து படுப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நானும் ஏழாம் மாதத்திலிருந்துதான் மாற்றச் சொல்லி வந்தேன், இனி முன்னாலேயே சொல்கிறேன். கபாலபாதியில் என்ன தப்பு?

ஓய்வுபெற்ற நர்சம்மா
சாந்தி, கபாலபாதியில் என்ன செய்கிறோம்? வயிற்றை உள்ளே வெட்டி வெட்டி இழுக்கிறோம். பிள்ளை இருக்கிற வயிற்றை ஏன் அப்படி இடிக்க வேண்டும்? பஸ்திரிகாவும் அதே கணக்கு. மெதுவாகச் செய்தாலும் அசைவு அதுதானே. மூச்சை அடக்குகிற கும்பகமும் வேண்டாம். மூச்சை அடக்காமல் நாடி சுத்தி செய்யலாம், பிராமரி செய்யலாம்.

குப்புறப் படுப்பது மட்டும் இல்லை. சிரசாசனம், சர்வாங்காசனம் மாதிரித் தலைகீழானவை கூடாது. புதிதாக ஆரம்பிக்கிறவள் கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. விழுந்தால் யார் பொறுப்பு? அர்த்த மத்ஸ்யேந்திராசனம் மாதிரி வயிற்றோடு முறுக்குகிறதும் வேண்டாம். முறுக்க வேண்டுமென்றால் தோளும் மார்பும் திரும்பட்டும், தொப்புள் முன்னாலேயே பார்க்கட்டும். பஸ்சிமோத்தாசனத்தில் கால்மேல் வயிறு மடிகிறது, நௌகாசனத்தில் வயிற்றுத் தசை இழுபடுகிறது. இரண்டும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். முன்னே எட்டாத இடம் இப்போது எட்டும். "பார், எவ்வளவு வளைகிறாய்" என்று பாராட்டிப் பாராட்டி இடுப்பெலும்பு வலியைக் கொண்டுவந்துவிடுவார்கள். எட்டுகிற அளவில் முக்கால் பங்கோடு நிறுத்த வேண்டும். செவுத்தைப் பிடித்துக்கொண்டு தாடாசனம், கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலும் கீழும் அசைக்கிற மார்ஜரியாசனம், சம்மணத்தில் பாதங்களைச் சேர்த்து உட்கார்வது, இவ்வளவு போதும்.

யோகா சாந்தி
முதல் மூன்று மாதம் எதுவுமே கூடாது என்றுதான் என் குரு சொல்லியிருக்கிறார். அதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா
உங்கள் வகுப்பு, உங்கள் முறை. ஆசனம் வேண்டாம் என்றால் சரி. ஆனால் நடக்கக்கூடக் கூடாது என்று சொல்லாதீர்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் நடந்ததால் கரு கலையாது. கலைந்த பெண்கள், "நான் அன்றைக்கு நடந்தேனே" என்று வருடக்கணக்கில் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை தறி
கால் வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு 28 வாரத்தில் இடது ஆடுசதை மட்டும் வலித்தது. தறியில் உட்கார்ந்து மிதித்ததால் என்று நினைத்தோம். நடந்தால் சரியாகிவிடும் என்று இன்னும் அதிகமாக நடந்தேன். ராத்திரி வீட்டுக்காரர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். நாலாம் நாள் பார்த்தால் இடது காலில் கொலுசு ஏறவே இல்லை, வலது காலில் சுலபமாக ஏறியது. தொட்டால் சூடு. ஸ்கேனில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருப்பதாகச் சொன்னார்கள். பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகு ஆறு வாரமும் தினம் ஊசி. என் பெண்ணுக்கு இப்போது மூன்று வயது, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

ஓய்வுபெற்ற நர்சம்மா
நல்ல வேளை எழுதினாய். கர்ப்பத்தில் இரண்டு காலும் சாயங்காலத்தில் வீங்குவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, சூடாக இருந்தால் நடக்கக் கூடாது, நீவவே கூடாது. அன்றைக்கே காட்ட வேண்டும். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கொலுசுப்பட்டறை
அக்கா, ரத்தம் பார்த்தேன். 8.2. இரும்பு மாத்திரை தினம் இரண்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். நடக்கலாமா என்று கேட்டேன். சமதரையில் பத்து நிமிடம், மூச்சு வாங்கினால் உட்கார் என்றார்கள்.

சமதரைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது அப்பாதான் சொன்னார். தோட்டத்தில் காபி காயப்போடுகிற களம் இருக்கிறது, சிமெண்டுத் தரை. அறுவடை முடிந்ததால் இப்போது காலியாகக் கிடக்கிறது. நேற்று அதில் நடந்தேன். மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை. வயிறு இறுகுவது மட்டும் ஒருமுறை வந்தது. எதை வைத்து நிறுத்துவது, எதை வைத்துப் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நர்சம்மா
களம் நல்ல இடம். காலையில் பனி ஈரம் இருந்தால் சிமெண்டு வழுக்கும், காய்ந்த பிறகு போ. செருப்பு குதிகாலைப் பிடிக்கிற மாதிரி வார் வைத்ததாக இருக்கட்டும். ஒரு சொம்பு தண்ணீரைக் களத்து ஓரத்தில் வைத்துக்கொள்.

வேகத்துக்கு ஒரே ஒரு அளவு: அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரியான வேகம். "ம்", "ஆமா" என்று துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் உனக்கு இந்த மாதம் அது வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், பத்து பத்து நிமிடம். எச்.பி. ஏறினால், டாக்டரும் சரி என்றால், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டு. அரை மணி நேரத்துக்கு வந்துவிட்டால் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும்.

வயிறு இறுகுவதற்கு: நில். உட்கார். தண்ணீர் குடி. கடிகாரத்தைப் பார். கொஞ்ச நேரத்தில் தளர்ந்து, அப்புறம் வராமல் போனால் பயம் இல்லை, அன்றைக்கு நடை முடிந்தது என்று வீட்டுக்குப் போ. உட்கார்ந்த பிறகும் விட்டு விட்டு ஒரே கணக்கில் வந்தால், வலியும் சேர்ந்தால், உடனே ஆஸ்பத்திரி. திடீரென்று எழுந்தாலோ திரும்பினாலோ தொடை இடுக்கில் சுருக்கென்று இழுத்து உடனே விடுகிறதே, அது தசைநார் இழுப்பு, அதற்கும் பயம் வேண்டாம்.

உட்கார்ந்து பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாதவையும் இருக்கின்றன. ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் சரி. அடக்க முடியாமல் தண்ணீர் போனால். அது மூத்திரமா பனிக்குடமா என்று வீட்டில் வாதாடாதே. சுத்தமான துணி வைத்து, மணி எத்தனை என்று குறித்துக்கொண்டு கிளம்பு. நெஞ்சு வலி, மயக்கம், நடக்க ஆரம்பிக்கும் முன்பே மூச்சு வாங்குவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, பிள்ளை அசைவது வழக்கத்தைவிடக் குறைவது. அப்புறம் தறிப் பெண் சொன்ன ஒற்றைக் கால் வீக்கம்.

நீ மலையில் இருக்கிறாய் என்பதை மறக்காதே. சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. கோடை விழா சமயத்தில் வண்டி நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. சேலத்தில் இருப்பவள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிற இடத்தில், நீ 108க்கு போன் போட்டுவிட வேண்டும்.

மூன்றாம் வீதி மாமியார்
எல்லாம் சரிதான் அம்மா. ஆனால் நாங்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டி, குந்தி உட்கார்ந்து வீடு துடைத்துத்தான் பெற்றோம். இந்தக் காலத்தில் குனிந்து வேலை செய்யாததால்தான் எல்லோருக்கும் ஆபரேஷன். ஒன்பதாம் மாதம் குந்தி நடந்தால் தலை தானாக இறங்கும்.

ஓய்வுபெற்ற நர்சம்மா
நீங்கள் உழைத்த உழைப்பை மறுக்கவில்லை அம்மா. அது உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய உடம்பு. பதினைந்து வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவளை ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று குந்தி நடக்கச் சொன்னால் முழங்காலும் இடுப்பெலும்பும்தான் போகும். அன்றைக்கு உங்கள் தெருவில் பிரசவத்தில் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடந்தால் உடம்பு வலுவாகும், சர்க்கரை கட்டுப்படும், முதுகு வலி குறையும். சுகப்பிரசவத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

மூன்றாம் வீதி மாமியார்
என் இரண்டு மருமகளும் குந்தித்தான் துடைத்தார்கள். இரண்டுமே சுகப்பிரசவம். நான் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

யோகா சாந்தி
செவுத்தில் சாய்ந்து, கீழே உயரமான பலகை போட்டு மலாசனத்தில் உட்காருவது கடைசி மாதத்தில் நல்லது என்றே நானும் நினைக்கிறேன். தலை திரும்பாத பிள்ளை என்றால் வேண்டாம் என்பேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா
பலகையோடு, வலி இல்லாமல், கொஞ்ச நேரம் உட்காருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குந்தியபடி நடப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கொலுசுப்பட்டறை
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இப்போது 27 வாரம். எச்.பி. 9.7க்கு ஏறியிருக்கிறது. மாத்திரையை ராத்திரி சாப்பிட்ட பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறேன், பிரட்டல் பாதியாகக் குறைந்துவிட்டது. மலச்சிக்கல் இன்னும் இருக்கிறது. டாக்டர் இருபது நிமிடம் வரை நடக்கலாம் என்றார். களத்தை நீளவாக்கில் ஒருமுறை போய்த் திரும்பினால் எனக்கு 140 காலடி. அம்மா கூட நடக்கிறார். முதல் வாரம் அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். இப்போது நான்தான் பேசிக்கொண்டே போகிறேன்.

புதிதாக ஒன்று: படுக்கையில் புரளும்போதும் ஒற்றைக் காலில் நின்று பாவாடை கட்டும்போதும் முன்பக்கம் அடி எலும்பில் குத்துகிறது. நடந்தால் கொஞ்சம் கூடுகிறது.

ஓய்வுபெற்ற நர்சம்மா
எண் ஏறியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாத்திரையை நிறுத்திவிடாதே, இன்னும் 11 வரவில்லை.

அது இடுப்பெலும்பு இணைப்பு வலி. நடையை விட வேண்டாம், எடுத்து வைக்கிற அடியைச் சின்னதாக்கு. இருபது நிமிடத்தைக் காலையும் மாலையும் பத்துப் பத்தாகப் பிரி. துணியை உட்கார்ந்து கட்டு. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வை. புரளும்போது முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு மொத்தமாகத் திரும்பு. பாதங்களைச் சேர்த்துக் காலை அகட்டி உட்காரச் சொன்னேனே, அதை இப்போதைக்கு நிறுத்து. ஒரு வாரத்தில் குறையாவிட்டால் சேலத்துக்கு வரும்போது பிசியோதெரபி பிரிவில் காட்டு.

சூரமங்கலம் புதுப்பொண்ணு
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 29 வாரம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். நான் தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன், எந்தத் தொந்தரவும் இல்லை. தொடரலாமா?

ஓய்வுபெற்ற நர்சம்மா
இன்றைக்கு நடக்காதே கண்ணு. வீட்டுக்குள் மெதுவாக நடமாடுவது போதும். கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எதுவும் சொல்ல முடியும். அறிக்கையை எடுத்துக்கொண்டு நாளைக்கு டாக்டரைப் பார்த்துக் கேள். அதற்குள் ரத்தம் பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே 108.